சிதறிக் கிடந்த வகுப்புக் குறிப்புகள் 92 பக்கச் சிறுநூலானது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாவரச் செயலியல் படித்த ஒரு வகுப்பில் நடந்தது இது. பருவம் முடியும் நேரத்தில் ஏழு அலகுகளுக்கான குறிப்புகளும் ஏழு இடங்களில் கிடந்தன. சில நோட்டுப் புத்தகங்களில், சில கைப்பேசிப் படங்களாக, சில தட்டச்சுக் கோப்புகளாக. தேர்வுக்கு முன் எல்லாருக்கும் ஒரே மாதிரியான பிரதி கையில் இருக்க வேண்டும் என்று 30 பேர் கேட்டார்கள். இரண்டு மாணவர்கள் பொறுப்பேற்றார்கள். ஒருவர் பாடத்தைச் சரிபார்ப்பது, மற்றவர் பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்புவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டாமவரை இங்கே தொகுப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

கேட்டது எளிமையானதுதான்: உள்ளடக்கப் பக்கம் வேண்டும், பக்க எண் வேண்டும், தாளின் இரு பக்கமும் அச்சிட வேண்டும். மூன்றும் தனித்தனியாகச் செய்தால் பத்து நிமிட வேலை. ஒன்றாகச் சேரும்போது ஒன்று மற்றொன்றை எப்படிக் குலைக்கிறது என்பது இந்த நிகழ்வில் தெளிவாகத் தெரிந்ததால் பதிவு செய்கிறேன்.

கையில் இருந்தவை

தொகுப்பாளர் முதலில் ஒரு விரிதாள் திறந்து, வந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி போட்டார். எந்த அலகு, யாருடையது, எந்த வடிவம், எத்தனை பக்கம், படிக்க முடிகிறதா. எதையும் திருத்தத் தொடங்கும் முன் இதை முடித்தார். அப்போதுதான் நான்காம் அலகுக்கு மூன்று பேருடைய குறிப்பு இருப்பதும், ஆறாம் அலகில் இரண்டு வகுப்புகளுக்கு யாரிடமும் எதுவும் இல்லை என்பதும் தெரிய வந்தது. விடுபட்டதை ஆசிரியரிடம் கேட்டு நிரப்பினார்கள். வகுப்பில் காட்டிய திரைக்காட்சிகளிலிருந்து எடுத்துக்கொள்ளவும் அவரிடமே அனுமதி வாங்கினார்கள்.

நான்காம் அலகின் மூன்று பிரதிகளையும் ஒன்றாக்க முதலில் நினைத்தார்கள். இரண்டு பக்கம் முயன்று பார்த்ததில் ஒரே விஷயம் மூன்று சொற்களில் மூன்று முறை வந்தது. எனவே ஒவ்வோர் அலகுக்கும் ஒருவருடைய குறிப்பை அடிப்படையாக வைப்பது, மற்றவர்களுடையதிலிருந்து அதில் இல்லாததை மட்டும் சேர்ப்பது என்று விதி வகுத்தார்கள். சரியான முடிவு. பலருடைய குறிப்பைச் சம உரிமையோடு கலக்கும் தொகுப்பு எதுவும் படிக்கும்படி இருந்து நான் பார்த்ததில்லை.

படங்களின் நிலை மோசமாக இருந்தது. நோட்டுப் பக்கங்கள் செய்திச் செயலி வழியாக வந்ததால் ஒவ்வொன்றும் 1600 × 1200 புள்ளிகளுக்குச் சுருங்கியிருந்தன. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ., அதாவது 11.7 அங்குலம். 1600 புள்ளிகளை அதில் பரப்பினால் அங்குலத்துக்கு 137 புள்ளிதான் கிடைக்கும். திரையில் இது உறுத்தாது. அச்சில் பென்சில் கோடுகள் படிக்கட்டு போல உடையும், படத்தின் பாகங்களுக்குப் பெயர் எழுதிய சின்ன எழுத்துகள் கரைந்துவிடும். எழுத்துப் பகுதிகளைத் தட்டச்சு செய்வது, படங்களை மட்டும் மூல நோட்டிலிருந்து 300 புள்ளி அடர்த்தியில் சாம்பல் நிறத்தில் வருடுவது என்று முடிவானது. நோட்டு கைக்கு எட்டாத இரண்டு பேர் மட்டும் கைப்பேசியின் மூலப் படத்தை, படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் செயலி படத்தைச் சுருக்குவதில்லை.

திரைக்காட்சிகளில் கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தது. அதை அப்படியே இருபக்கத் தாளில் அச்சிட்டால் மறுபக்கத்தில் கறுப்பு நிழலாகத் தெரியும். அவற்றின் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னணியைத் தூக்கிப் போட்டார்கள்.

தாளின் வடிவம் முதலில்

ஏ4 அளவில் இடது ஓரம் பின் அடிப்பதா, ஏ4 தாளை நடுவில் மடித்து ஏ5 சிறுநூலாக்குவதா என்ற கேள்வியைத் தொகுப்பாளர் தட்டச்சுக்கு முன்பே தீர்த்துக்கொண்டார். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். ஏ4-இல் எல்லாம் முடித்துவிட்டு "சுருக்கி அச்சிடு" என்று கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் 71 விழுக்காடாகும். 11 புள்ளி எழுத்து 8 புள்ளிக்குக் கீழே போய்விடும். தமிழில் கொக்கிகளும் புள்ளிகளும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினாலே சொல் மாறிவிடும்.

ஏ5 சிறுநூல் என்று முடிவானதால் கோப்பின் பக்க அளவையே 148 × 210 மி.மீ. என்று வைத்தார். எழுத்து 10.5 புள்ளி, Noto Serif Tamil. மூலப் படங்கள் இந்த அகலத்துக்குள் நுழையுமா என்பதையும் அப்போதே பார்த்தார். குறுக்காக விரிந்த ஒளிச்சேர்க்கைப் படம் ஒன்று மட்டும் அடங்கவில்லை. அதை 90 பாகை திருப்பி முழுப் பக்கத்தில் வைத்தார்.

எழுத்துருச் சிக்கல்

மூன்றாம் அலகைத் தட்டச்சு செய்தவர் பாமினி எழுத்துருவில் செய்திருந்தார். திரையில் தமிழாகத்தான் தெரிந்தது. தொகுப்பில் ஒட்டியபோதும் அந்த எழுத்துரு கூடவே வந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உள்ளடக்கப் பக்கத்தை உருவாக்கிப் பார்த்தபோதுதான் முதல் இரண்டு அலகுத் தலைப்புகள் தமிழிலும் மூன்றாவது `jkpo;` என்பது போன்ற எழுத்துக் குவியலாகவும் வந்தன.

காரணம் இதுதான். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது `jkpo;` தான், எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. உள்ளடக்கப் பட்டியல் தலைப்பின் எழுத்துகளை மட்டும் எடுத்து, தன்னுடைய சொந்த எழுத்துருவில் காட்டும். போர்வை அங்கே இல்லை. பட்டியலின் எழுத்துருவையும் பாமினிக்கு மாற்றிவிடலாமே என்று சரிபார்ப்பவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் மற்ற ஆறு அலகுகளின் தலைப்புகள் பாமினியில் கிடைக்காத யூனிகோடு எழுத்துகளாகிவிடும், கோப்பில் தேடவும் முடியாது. எனவே மூன்றாம் அலகு முழுவதையும் மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதில் இன்னொரு பொறி உண்டு. மாற்றி எந்தச் சொல் தமிழ், எது ஆங்கிலம் என்று அறியாது. மூலத்தில் வேறு எழுத்துருவில் இருந்த வேதிக் குறியீடுகளும் நொதிகளின் சுருக்கப் பெயர்களும் தமிழ் எழுத்துத் துண்டுகளாக மாறி வந்தன. எழுத்துருவைப் பார்க்காமல் வெற்று எழுத்தை மட்டும் மாற்றும் கருவியில் இது தவிர்க்க முடியாதது. மாற்றுவதற்கு முன்பே மூலக் கோப்பில் ஆங்கிலமாக இருந்த எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்ததால், பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட முடிந்தது. அந்தப் பட்டியல் இல்லையென்றால், மாறிப்போன குறியீட்டைச் சாதாரண எழுத்துப்பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

பக்கம் கட்டியது

வேலை நடந்தது லிபர் ஆஃபிஸ் ரைட்டரில். உள்ளடக்கப் பட்டியல் தானாக வர வேண்டுமென்றால் தலைப்புகளுக்கு `Heading 1`, `Heading 2` பாணி இருக்க வேண்டும். பலர் தட்டச்சு செய்த கோப்புகளில் தலைப்பு என்பது தடித்த எழுத்துதான். கண்ணுக்குத் தலைப்பு, மென்பொருளுக்கு வெறும் பத்தி. தொகுப்பாளர் ஒட்டும்போதே எல்லா வடிவமைப்பையும் நீக்கி வெற்று எழுத்தாக ஒட்டி, பின் பாணிகளைப் புதிதாகப் போட்டார். பழைய பாணிகளோடு ஒட்டிப் பிறகு சுத்தம் செய்வதைவிட இதற்கு நேரம் குறைவு.

தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஒன்று இங்கேயும் வந்தது. தலைப்பின் அளவை 16 புள்ளி என்று மாற்றினார், தமிழ் எழுத்து அசையவில்லை. ரைட்டரில் ஒரே பாணிக்கு இரண்டு எழுத்துரு அமைப்புகள் உண்டு. மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சிக்கல் எழுத்துகளுக்கு `CTL` என்ற மற்றொன்று. தமிழ் இரண்டாவதில் சேரும். அதில் மாற்றியதும் சரியானது.

பத்திகளை இருபுறமும் நேராக்காமல் இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்தினார். ஏ5 பக்கத்தின் அகலத்தில் தமிழின் நீண்ட சொற்கள் வரிக்கு ஐந்து, ஆறுதான் அடங்கும். இருபுறமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே பல்விழுந்த இடைவெளிகள் விழும்.

உட்புற ஓரம் 18 மி.மீ., வெளிப்புறம் 12 மி.மீ. பக்க அமைப்பு `Mirrored`, அதாவது வலப்பக்கத்தில் உட்புறம் இடதிலும் இடப்பக்கத்தில் உட்புறம் வலதிலும் வரும். பக்க எண் எப்போதும் வெளி மூலையில். ஒவ்வோர் அலகும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றை எண்ணில் தொடங்க வேண்டும் என்பதற்காக `Heading 1`-க்கு முன் பக்க முறிவு வைத்து, அந்தப் பக்கத்தின் பாணியை `Only right` என்று கட்டினார். முந்தைய அலகு ஒற்றை எண்ணில் முடிந்தால் ரைட்டர் தானாக ஒரு வெற்றுப் பக்கத்தை இடையில் வைக்கும்.

முன்பக்கங்களுக்கு ரோமன் எண், பாடத்துக்கு 1 முதல் என்ற நூல் வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. தலைப்புப் பக்கமே 1. இவ்வளவு சின்னத் தொகுப்பில் அதுதான் நல்லது. தாளில் அச்சான எண்ணும் பி.டி.எஃப். கோப்பின் பக்க எண்ணும் ஒன்றாக இருந்தால், "40 முதல் 44 வரை மறுபடி அச்சிடு" என்று சொல்லும்போது யாரும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. பின்னால் பிழையைக் கண்டுபிடிக்க உதவியதும் இந்த முடிவுதான்.

உள்ளடக்கம் முதலில் மூன்று நிலைத் தலைப்புகளோடு ஐந்து பக்கம் வந்தது. இரண்டு நிலையாகக் குறைத்து இரண்டே பக்கத்தில் அடக்கினார். 3, 4 பக்கங்கள் அதற்கு, முதல் அலகு 5-இல் தொடக்கம். இறுதி அமைப்பு இப்படி நின்றது:

| பகுதி | பக்கங்கள் | பின்வரும் வெற்றுப் பக்கம் |
|---|---|---|
| தலைப்பு, உள்ளடக்கம் | 1–4 | – |
| அலகு 1 | 5–15 | 16 |
| அலகு 2 | 17–28 | – |
| அலகு 3 | 29–37 | 38 |
| அலகு 4 | 39–48 | – |
| அலகு 5 | 49–59 | 60 |
| அலகு 6 | 61–70 | – |
| அலகு 7 | 71–85 | 86 |
| வினாக்கள் | 87–92 | – |

மடித்துத் தைக்கும் சிறுநூலில் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும், ஒரு தாளில் நான்கு பக்கம் வருவதால். 92-ஐ நான்கால் வகுத்தால் 23 தாள். மீதமில்லை.

சோதனை அச்சு

முழுவதையும் அடிப்பதற்கு முன் முதல் எட்டுப் பக்கங்களை மட்டும் சிறுநூலாக அச்சிட்டுப் பார்த்தார்கள். இரு பக்க அச்சில் தாளை எந்த விளிம்பில் திருப்புவது என்ற தேர்வு உண்டு. நிமிர்ந்த ஏ4 பக்கங்களுக்கு நீள விளிம்பு. இங்கே ஏ4 குறுக்காக இருக்கிறது, அதில் இரண்டு ஏ5 பக்கங்கள் அருகருகே நிற்கின்றன, எனவே `Flip on short edge` வேண்டும். தவறாகக் கொடுத்தால் தாளின் பின்பக்கம் தலைகீழாக வரும். எட்டுப் பக்கம், அதாவது இரண்டு தாள் போதும் இதைக் கண்டுபிடிக்க. அச்சு அளவு `Actual size`. `Fit` என்று இருந்தால் அச்சுப்பொறி தன் ஓரத்துக்காகப் பக்கத்தைச் சற்றுச் சுருக்கும், மடிப்புக் கோடு பக்கங்களின் நடுவில் விழாமல் போகலாம்.

எட்டுப் பக்கமும் சரியாக வந்தது. உடனே முழுப் பிரதி ஒன்றை அச்சிட்டு மடித்தார்கள்.

17-ஆம் பக்கம்

மடித்த பிரதியைப் புரட்டிய சரிபார்ப்பவர்தான் பார்த்தார். "இந்தாடா, இரண்டாம் அலகு இடப்பக்கத்துல ஆரம்பிக்குது. நம்பர் மடிப்புக்குள்ள போயிருக்கு."

17 என்ற எண் வெளி மூலையில் இல்லாமல் தையலை ஒட்டி நின்றது. பக்கத்தின் அகலமான ஓரம் வெளிப்பக்கம், குறுகிய ஓரம் மடிப்புப் பக்கம். இரண்டாம், மூன்றாம் அலகுகள் முழுக்க இப்படி. ஆனால் நான்காம் அலகு சரியாக இருந்தது, ஐந்தும் சரி. ஆறும் ஏழும் மறுபடி புரண்டிருந்தன. கடைசி வினாப் பகுதி சரி. உள்ளடக்கத்தில் சொன்ன எண்களும் பக்கங்களில் இருந்த எண்களும் ஒரு இடத்தில்கூட முரண்படவில்லை.

அச்சுப்பொறி தாளைத் தவறாக இழுத்திருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். அது அல்ல என்பதற்கு அந்த ஒழுங்கே சாட்சி. இயந்திரக் கோளாறு அலகு எல்லையில் தொடங்கி அலகு எல்லையில் முடியாது. தொகுப்பாளர் கோப்பின் பக்கங்களை எண்ணினார்:

```
pdfinfo thoguppu.pdf
```

`Pages: 88` என்று வந்தது. கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்த எண் 92. நான்கு பக்கம் காணோம். எவை என்று அட்டவணையைப் பார்த்தாலே தெரியும்: 16, 38, 60, 86. ரைட்டர் தானாக இட்ட வெற்றுப் பக்கங்கள். அவை எண்ணிக்கையில் இருந்தன, கோப்பில் இல்லை. பி.டி.எஃப். ஏற்றுமதிச் சாளரத்தில் `Export automatically inserted blank pages` என்ற தேர்வு குறியிடப்படாமல் இருந்தது.

பிழை விட்டு விட்டு வந்ததன் காரணமும் இதில் இருக்கிறது. 16-ஆம் பக்கம் விழுந்ததும் அதன்பின் எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்தன. ஒற்றை எண் இரட்டை இடத்தில் உட்கார்ந்தது. 38-உம் விழுந்தபோது நகர்வு இரண்டானது, ஒற்றை எண் மறுபடி ஒற்றை இடத்துக்கு வந்தது. மூன்றாவது விழுந்ததும் திரும்பக் கெட்டது, நான்காவதில் நேரானது. முதல் எட்டுப் பக்கச் சோதனையில் இது அகப்படவே முடியாது, ஏனென்றால் முதல் வெற்றுப் பக்கம் 16-இல்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாலும் தெரியாது. இன்னொரு கெட்ட தற்செயல், 88-உம் நான்கால் வகுபடும். 22 தாள், மீதமில்லை. 90 அல்லது 91 என்று வந்திருந்தால் இறுதியில் கேளாமலே வெற்றுப் பக்கங்கள் வந்து நின்று, ஏதோ கணக்கு உதைக்கிறது என்று அப்போதே தோன்றியிருக்கும்.

தேர்வைக் குறியிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தார். `Pages: 92`. அலகுகள் எல்லாம் வலப்பக்கத்தில் தொடங்கின. வேர்டில் ஒற்றைப் பக்கப் பிரிவு முறிவு வைத்துக் கட்டுபவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். எண் 1-இல் தொடங்கி இடையில் அறுபடாமல் போகும் தொகுப்பில், கடைசியாக அச்சான எண்ணும் கோப்பின் பக்க எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு பாகமாகப் பிரித்தது

மடித்த பிரதி இன்னொன்றையும் காட்டியது. 23 தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மடித்தால் உள்ளே இருக்கும் தாள்கள் வெளிப்பக்கம் நோக்கிப் பிதுங்கும். 80 கிராம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். நடுத்தாளுக்கு வெளியே 22 தாள் சுற்றியிருப்பதால் அது வெளித்தாளைவிட 2 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தை நேராக வெட்டினால் நடுப்பக்கங்களின் எண்கள் விளிம்புக்கு நெருங்கிவிடும். ஸ்டேப்லர் பின்னும் அத்தனை தாளை ஊடுருவி உள்ளே மடங்கவில்லை, ஒரு கால் வளைந்து நின்றது.

நான்காம் அலகு 48-இல் முடிகிறது. 48 நான்கால் வகுபடும். மீதி 44-உம் வகுபடும். இந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்தி இரண்டு பாகமாக்கினார்கள். முதலாவது 12 தாள், இரண்டாவது 11. பக்க எண் தொடர்ச்சியாகவே இருந்தது, எனவே உள்ளடக்கத்தில் ஒரு எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்காக, அதன் தடித்த அட்டையின் உட்பக்கத்தில் முழு உள்ளடக்கத்தையும் அச்சிட்டார்கள்.

```
qpdf thoguppu.pdf --pages . 1-48 -- pagam1.pdf
qpdf thoguppu.pdf --pages . 49-92 -- pagam2.pdf
pdfjam --booklet true --landscape --paper a4paper \
  --outfile pagam1-achu.pdf pagam1.pdf
```

கடைசிக் கட்டளையை, கோப்புப் பெயர்களை மட்டும் மாற்றி, இரண்டாம் பாகத்துக்கும் கொடுத்தார். அச்சுச் சாளரத்திலேயே சிறுநூல் தேர்வு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தேர்வு அச்சுப்பொறிக்கு அச்சுப்பொறி வேறு மாதிரி நடந்துகொள்ளும். பக்கங்களை முன்பே வரிசைப்படுத்திய கோப்பு என்றால் எந்த இயந்திரத்திலும் இருபக்க அச்சு, குறுகிய விளிம்பு என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும். வரிசை சரியா என்று பார்க்கவும் ஒரு சுலபமான வழி உண்டு. அருகருகே நிற்கும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எல்லாத் தாளிலும் மாறாமல் இருக்க வேண்டும். முதல் பாகத்தில் அது 49: முதல் தாளின் முன்புறம் 48-உம் 1-உம், பின்புறம் 2-உம் 47-உம், நடுத்தாளின் உட்புறம் 24-உம் 25-உம். இரண்டாம் பாகத்தில் 141: 92-உம் 49-உம், 50-உம் 91-உம். தொகுப்பாளர் கோப்பைத் திரையில் உருட்டிக்கொண்டே மனக்கணக்காக இதைச் சரிபார்த்தார்.

நடுவில் பின் அடிக்க நீண்ட கை ஸ்டேப்லர் தேவைப்பட்டது. சாதாரண ஸ்டேப்லரின் வாய் ஏ5-இன் மடிப்பு வரை எட்டாது.

அச்சுக்குப் பின்

30 பிரதிகளும் ஒழுங்காக வந்தன. பாதியைக் கொடுத்த பிறகு 53-ஆம் பக்கத்தில் ஒரு சமன்பாட்டில் அம்புக்குறி எதிர்த்திசையில் இருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டினார். மூலக் குறிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. சிறுநூலில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற முடியாது. 53 இருந்தது இரண்டாம் பாகத்தின் மூன்றாம் தாளில். அந்தத் தாளில் கூடவே 88, 54, 87 பக்கங்களும் இருந்தன. கொடுக்காத பிரதிகளுக்குப் பின்னைக் கழற்றி அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அச்சிட்டுச் செருகினார்கள். கொடுத்துவிட்ட பிரதிகளுக்குத் திருத்தச் சீட்டு போனது. சீட்டை எத்தனை பேர் ஒட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

புழக்கத்தில் அதிகம் பாராட்டப்பட்டது உள்ளடக்கப் பக்கம் அல்ல, அலகுகளுக்கு இடையிலிருந்த வெற்றுப் பக்கங்கள். எல்லாரும் அதில் சொந்தக் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

அடுத்த பதிப்பில் மாறுபவை

தானாக வரும் வெற்றுப் பக்கங்களை நம்புவதில்லை என்று தொகுப்பாளர் முடிவு செய்திருக்கிறார். 16, 38, 60, 86 ஆகியவற்றில் மெல்லிய கோடுகள் போட்டு, மேலே "குறிப்பு" என்று எழுதி, பக்க எண்ணும் கொடுத்து உண்மையான பக்கங்களாகவே வைப்பார். எழுத்தோ கோடோ உள்ள பக்கத்தை எந்த ஏற்றுமதித் தேர்வும் விழுங்காது. இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் அலகில் ஒரு பக்கம் கூடினால் 16-ஆம் பக்கத்தைக் கையால் நீக்க வேண்டும், மறந்தால் அதற்குப் பக்கத்திலேயே தானியங்கி வெற்றுப் பக்கம் ஒன்று கூடுதலாக வந்து நிற்கும். எனவே பாடத்தில் கை வைப்பதை முழுவதும் நிறுத்திய பிறகே கோட்டுப் பக்கங்கள் சேர்க்கப்படும்.

சோதனை அச்சுக்கு முதல் எட்டுப் பக்கம் என்பதும் மாறுகிறது. விளிம்பைச் சோதிக்க அது போதும், பக்க இடத்தைச் சோதிக்கப் போதாது. ஒவ்வோர் அலகின் முதல் பக்கமும் திரையில் இருபக்கக் காட்சியில் வலப்புறம் வருகிறதா என்று பார்ப்பதற்குத் தாளே தேவையில்லை. பி.டி.எஃப். காட்டியில் முதல் பக்கம் தனியாக நிற்கும்படி அட்டைக் காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் 1-உம் 2-உம் ஜோடி சேர்ந்து எல்லாமே புரண்டு தெரியும்.

பாமினிக் கோப்புகளை இனி வாங்கும் இடத்திலேயே பிடிப்பதாகச் சொன்னார். வந்த கோப்பின் முழு உரையையும் ஒருமுறை Noto எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தால் போதும். குவியலாகத் தெரிந்தால் அனுப்பியவரிடமே மாற்றித் தரச் சொல்லி, ஆங்கிலக் குறியீடுகளின் பட்டியலையும் அவரிடமிருந்தே வாங்குவார். எழுதியவருக்குத்தான் எது குறியீடு என்று தெரியும்.